ஒரே வேகம், ஏறும் துடிப்பு

ஏப்ரல் மாதக் காலையில் சென்னை பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் ஓடுகிறவர்கள் பலரும் தங்கள் கைக்கடிகாரத்தில் ஒரு விநோதத்தைக் கவனித்திருப்பார்கள். ஓடத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆனபோது இதயத் துடிப்பு 150. ஐம்பதாவது நிமிடத்தில் அதுவே 165. ஆனால் வேகம் கூடவில்லை. அப்போதும் மணிக்கு 9 கிலோமீட்டர், இப்போதும் அதே 9 கிலோமீட்டர். சாலையில் மேடும் இல்லை. கால்கள் செய்யும் வேலை துளிகூட மாறாதபோது இதயம் மட்டும் ஏன் நிமிடத்துக்குப் பதினைந்து தடவை கூடுதலாக அடிக்க வேண்டும்?

கடிகாரம் பழுதில்லை. உடலியல் வல்லுநர்கள் நன்கு அறிந்த நிகழ்வுதான் இது. ‘கார்டியோவாஸ்குலர் டிரிஃப்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். துடிப்பு தன்போக்கில் மெல்ல மேலேறிப் போவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அது ஏன் நடக்கிறது என்று புரிய வேண்டுமானால், ஓட்டத்தின் முதல் நொடியிலிருந்து இதயத்துக்கும் நுரையீரலுக்கும் யார் யார் உத்தரவு போடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

எவ்வளவு வேண்டும்?

கணக்குக்கு 70 கிலோ எடையுள்ள 35 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறவர். பந்தயம் எதிலும் பரிசு வாங்கியதில்லை.

அவர் சும்மா உட்கார்ந்திருக்கையில் உடல் நிமிடத்துக்குச் சுமார் 245 மில்லிலிட்டர் ஆக்சிஜன் செலவழிக்கிறது. மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அது 2,300 மில்லிலிட்டருக்குப் போய்விடுகிறது. ஒன்பது மடங்குக்கும் மேல். இதயமும் ஒன்பது மடங்கு உழைத்தால்தான் முடியும் என்று தோன்றும். உடல் அப்படிச் செய்வதில்லை.

ஜெர்மானிய உடலியலாளர் அடால்ஃப் ஃபிக் 1870-இல் சொன்ன எளிய கணக்கு இங்கே கைகொடுக்கிறது. உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் இரண்டு எண்களின் பெருக்கல். ஒன்று, இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் ரத்தத்தின் அளவு. மற்றது, ஒவ்வொரு லிட்டர் ரத்தத்திலிருந்தும் உடல் பறித்துக்கொள்ளும் ஆக்சிஜன்.

நம் ஓட்டக்காரர் உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 70 தடவை துடிக்கிறது. துடிப்புக்கு 70 மில்லிலிட்டர் வீதம் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் வெளியே போகிறது. ஒரு லிட்டர் தமனி ரத்தத்தில் 200 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கும். அதில் 50 மட்டுமே செலவாகி, மிச்சம் 150 அப்படியே இதயத்துக்குத் திரும்பி வந்துவிடுகிறது. ஓடும்போது துடிப்பு 150, துடிப்புக்கு 110 மில்லிலிட்டர். அதாவது நிமிடத்துக்கு 16.5 லிட்டர். ஒரு லிட்டருக்குப் பறிக்கப்படும் ஆக்சிஜனும் 50-லிருந்து 140 ஆகிவிடுகிறது. 16.5-ஐ 140-ஆல் பெருக்கினால் 2,310.

ஆக, ரத்த ஓட்டம் கூடியது மூன்றரை மடங்குக்குள்தான். மிச்ச வேலையை, திரும்பிப் போகும் ரத்தத்தை இன்னும் நன்றாகக் கறந்துகொண்டதால் தசையே முடித்துவிட்டது. உழைக்கும் தசையில் சூடு ஏறுகிறது, கரியமில வாயுவும் அமிலத்தன்மையும் கூடுகின்றன. இந்த மூன்றும் சேர்ந்து ஹீமோகுளோபினின் பிடியைத் தளர்த்துகின்றன. எங்கே தேவை அதிகமோ அங்கே ஆக்சிஜன் எளிதாகக் கழன்றுகொள்கிறது. இதற்கு மூளையின் உத்தரவு எதுவும் தேவையில்லை.

கால் அசையும் முன்பே

இதயத்தின் கதை வேறு. அதற்கு உத்தரவு தேவை, அதுவும் உடனே தேவை. ஓடத் தொடங்கிய ஓரிரு நொடிக்குள்ளேயே துடிப்பு ஏறிவிடுகிறது. பந்தயம் தொடங்கக் காத்திருக்கும்போதே சிலருக்கு 100-ஐத் தாண்டியிருக்கும். தசையில் ஆக்சிஜன் குறைந்து, அந்தச் செய்தி ரத்தத்தில் மிதந்து மூளைக்குப் போய்ச் சேருமளவு அவகாசம் அதற்குள் இல்லை.

இந்த வேகத்தை முதலில் கவனமாக அளந்தவர்களில் டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோவும் யோஹான்னஸ் லிண்ட்ஹார்டும் முக்கியமானவர்கள். நிலையான மிதிவண்டியில் ஆட்களை உட்கார வைத்து, மிதிக்கத் தொடங்கிய கணத்திலிருந்து மூச்சையும் நாடியையும் பதிவு செய்து 1913-இல் வெளியிட்டார்கள். காலை அசைக்கச் சொல்லி மூளை தசைக்கு அனுப்பும் கட்டளையின் ஒரு கிளை, இதயத்தையும் மூச்சையும் ஆளும் மையங்களுக்கும் அதே நேரத்தில் போகிறது என்பது அவர்களுடைய முடிவு. இன்று இதை மையக் கட்டளை என்கிறார்கள்.

பின்னால் வந்த சோதனை ஒன்று இதை அழகாகத் தெளிவாக்கியது. குராரே வகை மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தால் தசை வலுவிழக்கும், செயலிழந்துவிடாது. மருந்து ஏறிய ஒருவர் முன்பு தூக்கிய அதே எடையைத் தூக்க முன்பைவிட அதிகம் முக்க வேண்டியிருக்கும். தசை செய்யும் வேலை அதேதான், முயற்சிதான் கூடியிருக்கிறது. அப்போது இதயத் துடிப்பும் மூச்சும் வேலையை ஒட்டி நிற்காமல் முயற்சியை ஒட்டி ஏறின.

கட்டளை இதயத்தை அடையும் பாதை இரண்டு. சும்மா இருக்கும்போது வேகஸ் நரம்பு இதயத்தை ஓயாமல் அடக்கி வைத்திருக்கிறது. நரம்பின் பிடியே இல்லாத இதயம் தன்னிச்சையாக நிமிடத்துக்கு 100 தடவை துடிக்கும். அது 70-இல் நிற்பது வேகஸ் பிடித்திருப்பதால்தான். ஓட்டம் தொடங்கியதும் மூளை முதலில் இந்தப் பிடியை விடுகிறது. அதனால்தான் ஏற்றம் அவ்வளவு வேகமாக நடக்கிறது. 100-ஐத் தாண்டியபின் பரிவு நரம்புகளும் அட்ரினலினும் இதயத்தை முடுக்குகின்றன. இது சற்று நிதானமாக, நிமிடக் கணக்கில் நடக்கும் வேலை.

இதய மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் இந்த இரண்டு பாதைகளையும் தனித்தனியே பார்க்கலாம். புது இதயத்தைப் பொருத்தும்போது நரம்புகள் அறுபட்டுவிடுகின்றன. அவர்களுக்குச் சும்மா இருக்கும்போதே துடிப்பு 90, 100 என்று இருக்கும். நடக்கத் தொடங்கினால் முதல் சில நிமிடத்துக்கு அநேகமாக அசையாது. ரத்தத்தில் அட்ரினலின் சேரச் சேரத்தான் ஏறும். நின்ற பிறகும் உடனே இறங்காது. அவர்களுடைய உடற்பயிற்சியை மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிக்கச் சொல்வது இதனால்தான்.

தசை அனுப்பும் சேதி

மூளை உத்தேசமாகப் போடும் உத்தரவு எப்போதும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அதைத் திருத்தத் தசையிலிருந்து தகவல் வர வேண்டும்.

அப்படித் தகவல் வருகிறது என்பதை ஆலமும் ஸ்மர்க்கும் 1937-இல் காட்டினார்கள். சோதனைக்குத் தேவைப்பட்டது ரத்த அழுத்தம் பார்க்கும்போது கையில் சுற்றுவது போன்ற ஒரு காற்றுப்பட்டை மட்டுமே. பட்டையை இறுக்கி, கைகால் தசைக்குப் போகும் ரத்தத்தை நிறுத்திவிட்டு, அந்தத் தசையை வேலை செய்யச் சொன்னார்கள். ரத்த அழுத்தம் ஏறியது. பிறகு வேலையை நிறுத்தச் சொன்னார்கள், ஆனால் பட்டையைத் தளர்த்தவில்லை. தசை ஓய்வெடுக்கிறது, முயற்சியும் இல்லை. ஆனாலும் அழுத்தம் ஏறின இடத்திலேயே நின்றது. பட்டையை அவிழ்த்ததும்தான் இறங்கியது. தசைக்குள் தேங்கிய கழிவுகள் அங்குள்ள மெல்லிய நரம்பு இழைகளைத் தூண்டிக்கொண்டிருந்தன என்பதைத் தவிர வேறு விளக்கம் இதற்குப் பொருந்தவில்லை.

இந்த நரம்பு இழைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று தசை இழுபடுவதையும் அழுந்துவதையும் உணர்வது. முதல் அடியிலேயே அது சேதி அனுப்பிவிடும். மற்றொன்று தசைக்குள் சேரும் ரசாயனங்களை முகர்வது. ரத்தம் போதவில்லை என்றால்தான் அது குரல் கொடுக்கும். இரண்டும் முகுளத்தில் போய்ச் சேர்கின்றன.

இங்கே ஒரு சிக்கல். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் அழுத்தத்தைக் காவல் காக்கும் உணரிகள் இருக்கின்றன. சாதாரண நேரத்தில் அழுத்தம் ஏறினால் அவை உடனே இதயத்தை மட்டுப்படுத்திவிடும். ஓடும்போது மேல் அழுத்தம் 120-லிருந்து 170, 180 வரை ஏறுகிறது, துடிப்பும் ஏறுகிறது. காவல்காரர் தூங்கிவிட்டாரா என்று சந்தேகம் வரும். பல காலம் அப்படித்தான் நினைத்தார்கள். உண்மையில் அந்த உணரிகள் அதே விழிப்போடுதான் இருக்கின்றன. அவை காக்க வேண்டிய இலக்கை மூளை மேலே உயர்த்திவைத்துவிடுகிறது. புதிய இலக்குக்குக் கீழே அழுத்தம் சரிந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதும் அவை உடனே செயல்படும்.

மடை திறப்பும் அடைப்பும்

உட்கார்ந்திருக்கும்போது 5 லிட்டர் ரத்தத்தில் தசைகளுக்குப் போவது சுமார் ஒரு லிட்டர். குடலும் கல்லீரலும் சிறுநீரகமும் சேர்ந்து ஏறத்தாழ இரண்டரை லிட்டரை வாங்கிக்கொள்கின்றன. ஓடும்போது 16.5 லிட்டரில் 11 அல்லது 12 லிட்டர் தசைக்குப் போகிறது. வயிற்றுப் பகுதிக்குப் போவது இரண்டு லிட்டருக்கும் கீழே இறங்கிவிடும். மூளைக்குப் போகும் முக்கால் லிட்டரில் பெரிய மாற்றம் இல்லை. இதயத் தசை தன் பங்கைக் கால் லிட்டரிலிருந்து முக்கால் லிட்டருக்கு உயர்த்திக்கொள்கிறது.

ஏரிப் பாசனத்தில் எல்லா மடையையும் ஒருசேர அடைத்துவிட்டு, பயிர் வாடும் வயல்காரர் மட்டும் தன் மடையைத் தானே திறந்துகொள்ள விட்டால் எப்படியோ, இங்கேயும் அப்படித்தான் நடக்கிறது. பரிவு நரம்புகள் உடல் முழுவதும் சிறு தமனிகளைச் சுருக்குகின்றன, உழைக்கும் தசையின் தமனிகளையும் சேர்த்துத்தான். ஆனால் அந்தத் தசைக்குள் உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு, அடினோசின், பொட்டாசியம் போன்றவையும், ஆக்சிஜனை இறக்கிவைத்த சிவப்பணுக்கள் வெளிவிடும் ஏடிபி-யும் நரம்பின் கட்டளையை அந்த இடத்தில் மட்டும் செல்லாததாக்கிவிடுகின்றன. உழைக்கும் தசை இப்படி நரம்பை மீறுவதை 1962-இல் ரெமென்ஸ்னைடர், மிட்செல், சார்னாஃப் ஆகிய மூவர் விவரித்தார்கள்.

அப்படியானால் உழைக்கும் தசைக்கும் நரம்பு ஏன் கடிவாளம் போட வேண்டும்? 1985-இல் கோபன்ஹேகனில் ஆண்டர்சனும் சால்டினும் செய்த அளவீடு இதற்கு விடை தருகிறது. ஒருவரை உட்கார வைத்து, ஒரு காலின் முன்தொடைத் தசையை மட்டும் உச்சபட்சமாக உழைக்க வைத்தார்கள். ஒரு கிலோ தசைக்கு நிமிடத்துக்கு 2.5 லிட்டர் அளவுக்கு ரத்தம் பாய்ந்தது. ஓட்டத்தில் 15 கிலோ தசை உழைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், எல்லாத் தசையும் முழுதாகத் திறந்துகொண்டால் 37 லிட்டருக்கு மேல் தேவைப்படும். உலகத் தர நெடுந்தூர வீரர்களின் இதயமே உச்சத்தில் 35, 40 லிட்டர்தான் தள்ளும். சாதாரண மனிதரின் உச்சம் 20 லிட்டர் சொச்சம். தசை கேட்டதையெல்லாம் கொடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்து மூளைக்கு ரத்தம் இல்லாமல் போய்விடும். ஆகவே ஓடும் உடலில் பற்றாக்குறை எப்போதும் ஒரு எட்டு தூரத்திலேயே நிற்கிறது.

மூச்சின் புதிர்

நுரையீரலுக்கு வருவோம். ஓய்வில் நிமிடத்துக்கு 12 மூச்சு, மூச்சுக்கு அரை லிட்டர், ஆக 6 லிட்டர் காற்று. ஓடும்போது 30 மூச்சு, மூச்சுக்கு 2 லிட்டர், மொத்தம் 60 லிட்டர். ஆக்சிஜன் தேவை ஏறிய அளவுக்கே மூச்சும் ஏறியிருக்கிறது. உட்கார்ந்திருக்கும்போது தமனி ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 40 மில்லிமீட்டர் பாதரசம். மிதமான ஓட்டத்தின் நடுவிலும் அது அநேகமாக அதே 40. ஆக்சிஜனும் குறைவதில்லை.

கேட்பதற்கு நல்ல செய்தி. ஆனால் உடலியலாளர்களை நூறு வருடத்துக்கும் மேலாகக் குழப்பிவருவது இதுதான். சும்மா இருக்கும்போது மூச்சை நடத்துவது முக்கியமாகக் கரியமில வாயு. அது சற்று ஏறினால் மூச்சு கூடும், இறங்கினால் குறையும். ஓட்டத்தில் அது ஏறவே இல்லை என்றால் மூச்சு பத்து மடங்காகக் கூடியது எதனால்?

விடையில் பாதியை நேரத்தை வைத்துக் கண்டுகொள்ளலாம். ஓடத் தொடங்கியதும் முதல் மூச்சிலேயே ஒரு தாவல் இருக்கும். காலிலிருந்து புறப்பட்ட ரத்தம் நுரையீரலை அடைய பதினைந்து, இருபது நொடியாவது ஆகும். ஆகவே முதல் தாவலுக்கு ரசாயனம் காரணமாக இருக்க முடியாது. மையக் கட்டளையும் தசையின் இழுவையை உணரும் நரம்புகளும்தான் காரணம். அதன் பிறகு இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு படிப்படியாக ஏறி ஒரு நிலைக்கு வந்து நிற்கிறது. இந்த இரண்டாம் கட்டத்தில் கழுத்துத் தமனியின் பிளவில் இருக்கும் கரோட்டிட் உறுப்பு நுழைகிறது. அரிசி மணி அளவே உள்ள இது ரத்தத்தின் ஆக்சிஜனையும் அமிலத்தன்மையையும் சுவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும். இதன் வேலையை விளக்கியதற்காகவே பெல்ஜியத்தின் கார்னெய் ஹேமன்ஸுக்கு 1938-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

இயற்கையும் மருத்துவமும் தற்செயலாகச் செய்துவைத்த இரண்டு சோதனைகள் மீதி விடையைத் தருகின்றன. பிறவியிலேயே கரியமில வாயுவை உணர முடியாத குழந்தைகள் அரிதாக உண்டு. தூங்கினால் அவர்களுடைய மூச்சு ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும், இயந்திரத்தின் துணை தேவைப்படும். ஆனால் அதே குழந்தைகள் விழித்திருந்து டிரெட்மில்லில் நடக்கும்போது மூச்சு சரியாகவே கூடுகிறது. ரசாயன உணர்வு இல்லாமலேயே கால் அசைவும் கட்டளையும் பெரும்பகுதி வேலையைப் பார்த்துக்கொள்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மற்ற சோதனை ஆஸ்துமாவுக்குச் சிகிச்சை என்று ஒரு காலத்தில் கரோட்டிட் உறுப்புகளை வெட்டி எடுத்துக்கொண்டவர்களிடம் கிடைத்தது. அவர்களை 1975-இல் வாஸர்மன் குழுவினர் சோதித்தார்கள். மிதமான வேலையில் மூச்சு தேவையான அளவுக்கு ஏறியது, சற்றுத் தாமதமாக. கடும் வேலையில்தான் குறை தெரிந்தது. ரத்தத்தில் அமிலம் ஏறியபோது மற்றவர்களைப் போல அவர்கள் கூடுதலாக மூச்சு வாங்கவில்லை.

அந்தக் கூடுதல் மூச்சு எல்லா ஓட்டக்காரர்களுக்கும் பழக்கமானதே. வேகத்தை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தசையிலிருந்து லாக்டேட்டும் ஹைட்ரஜன் அயனிகளும் ரத்தத்தில் பெருகத் தொடங்கும். ரத்தத்திலுள்ள பைகார்பனேட் அந்த அயனிகளை அடக்கும்போது கூடுதலாகக் கரியமில வாயு பிறக்கிறது. மிஞ்சிய அமிலம் கரோட்டிட் உறுப்பை நேராகவே உசுப்புகிறது. மூச்சு திடீரென்று கனத்து, வேலைக்கு மீறி இரைக்கத் தொடங்குகிறது. இந்த எல்லையைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் எல்லைக்கு இந்தப் பக்கம். இரண்டு மூன்று சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு குறுக்கிட்டால் அந்தப் பக்கம். ரத்த அழுத்தத்துக்காகவோ இதய நோய்க்காகவோ பீட்டா தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பேச்சுச் சோதனைதான் நம்பகமானது. மாத்திரை பரிவு நரம்பின் முடுக்கத்தைத் தடுத்துவிடுவதால், 220-இலிருந்து வயதைக் கழித்துப் போடும் துடிப்புக் கணக்கு அவர்களுக்கு உதவாது.

தோலும் பங்கு கேட்கிறது

இப்போது அந்தப் பதினைந்து துடிப்புக்கு வரலாம்.

நம் ஓட்டக்காரரின் உடல் எரிக்கும் சக்தியில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் சூடாகத்தான் வெளியேறுகிறது. அவர் ஓடும் வேகத்தில் அது 500 வாட்டைத் தாண்டும். இந்தச் சூட்டைத் தோலுக்குக் கொண்டுபோய் வெளியேற்றினால்தான் உள்ளே வெப்பநிலை நிற்கும். ஹைப்போதலாமஸ் தோலின் ரத்தக் குழாய்களைத் திறந்துவிடுகிறது, வியர்வையும் சுரக்கிறது. சென்னைக் கடற்கரையில் காற்று ஈரமாக இருப்பதால் வியர்வையில் பெரும்பகுதி ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழுந்துவிடும். ஆவியாகாத வியர்வை குளிர்விக்காது, உடலிலிருந்து நீரை மட்டும் கொண்டுபோகும். ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் இழப்பது சாதாரணம்.

தோலின் சிரைகளில் ரத்தம் தங்குகிறது. நீர் குறைந்ததால் ரத்தத்தின் மொத்த அளவும் சுருங்குகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது. துடிப்புக்கு 110 மில்லிலிட்டர் தள்ளிய இதயம் ஐம்பதாவது நிமிடத்தில் 100 மில்லிலிட்டர்தான் தள்ளுகிறது. ஆனால் கால்களுக்குத் தேவை அதே 16.5 லிட்டர். 165 தடவை துடித்தால்தான் கணக்கு சரியாகும். கடிகாரம் காட்டியது இதைத்தான்.

எது முதலில், எது பின்னால் என்பதில் ஒரு விவாதம் உண்டு. தோலுக்கு ரத்தம் திரும்பியதால் துடிப்பளவு குறைந்தது, அதை ஈடுகட்டத் துடிப்பு ஏறியது என்பது லோரிங் ரொவெல் முன்வைத்த பழைய விளக்கம். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் காயில் குழுவினர் 1999-இல் இதைத் தலைகீழாகப் பார்த்தார்கள். ஓடுகிறவரின் சூடு ஏறும்போது துடிப்பு தானாகவே ஏறுகிறது, இரண்டு துடிப்புக்கு நடுவே இதயம் நிரம்பும் நேரம் குறைவதால் துடிப்பளவு சுருங்குகிறது என்றார்கள். சிறிதளவு பீட்டா தடுப்பு மருந்து கொடுத்துத் துடிப்பை ஏறவிடாமல் வைத்தபோது துடிப்பளவும் குறையாமல் நின்றது. இரண்டு விளக்கமும் ஓரளவு சரியாகவே இருக்கலாம். வெயிலும் நீரிழப்பும் கடுமையாகும்போது தோலின் பங்கும் ரத்தத்தின் சுருக்கமும் முன்னுக்கு வருகின்றன. ஓட்டத்தின்போதே வியர்வை இழப்புக்கு ஏற்ப நீர் குடித்தவர்களிடம் இந்தச் சரிவு வெகுவாகக் குறைந்தது.

இதயத்துக்கு உச்ச வேகம் ஒன்று உண்டு. துடிப்பு அதை நெருங்கியபின் ஈடுகட்ட வழியில்லை. அப்போது ரத்த அழுத்தத்தைக் காப்பாற்ற உடல் தோலின் பங்கை வெட்டுகிறது, உள்சூடு இன்னும் வேகமாக ஏறுகிறது. 1984 ஆகஸ்ட் 5 அன்று லாஸ் ஏஞ்சலஸில் இதை உலகமே பார்த்தது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முறையாக மாரத்தான் நடந்த நாள் அது. ஸ்விட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் உடல் ஒரு பக்கமாக வளைந்து, ஒரு கை தொங்க, தள்ளாடியபடி மைதானத்துக்குள் வந்தார். கடைசிச் சுற்றை முடிக்க அவருக்கு ஏறத்தாழ ஆறு நிமிடம் ஆனது. அவருக்கு வியர்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து மருத்துவர்கள் தொடர விட்டார்கள். 37-ஆவதாக எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்தார், நல்லவேளையாகச் சில மணி நேரத்தில் தேறிவிட்டார். வியர்வையை வைத்து இன்று யாரும் அப்படி முடிவு செய்வதில்லை. ஓட்டத்தால் வரும் வெப்பத் தாக்கில் கடைசி வரை வியர்த்துக்கொட்டலாம். பேச்சுக் குழறுவது, குழம்பிப் போவது, உள்வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது ஆகியவைதான் அடையாளம். அப்படிப்பட்டவரை அந்த இடத்திலேயே குளிர்ந்த நீரில் அமிழ்த்திச் சூட்டை இறக்கத் தொடங்க வேண்டும்.

நின்ற பிறகு

மாரத்தானில் சரிந்து விழுகிறவர்களில் பெரும்பாலோர் எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகுதான் விழுகிறார்கள். ஓடும் வரை ஒவ்வொரு எட்டிலும் கெண்டைக்கால் தசை சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. டக்கென்று நின்றால் அந்தப் பிழிவு நின்றுபோகும். தசையிலும் தோலிலும் குழாய்கள் திறந்தபடியே இருக்கும். ரத்தம் காலில் தேங்கும், அழுத்தம் சரியும், தலை சுற்றும். படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் இப்படி விழுந்தவர் சில நிமிடத்தில் தெளிந்துவிடுவார். ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவழியில் விழுந்தவரையோ, படுக்க வைத்தும் தெளியாதவரையோ இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அங்கே காரணம் வெப்பத் தாக்கோ, இதயமோ, சோடியம் குறைவோ, சர்க்கரைக் குறைவோ இருக்கலாம். மருத்துவ உதவி உடனே வேண்டும்.

நிற்காமல் ஐந்து, பத்து நிமிடம் நடந்து முடித்தால் துடிப்பு இரண்டு கட்டமாக இறங்குவதைக் கடிகாரத்திலேயே பார்க்கலாம். முதல் நிமிடத்தில் சரசரவென்று இறங்கும். மையக் கட்டளை நின்று வேகஸ் மறுபடி பிடிக்கத் தொடங்கியதன் விளைவு அது. அதன் பிறகு இறக்கம் மெதுவாகிவிடும். ரத்தத்தில் அட்ரினலின் கரைய வேண்டும், தசையின் கழிவு போக வேண்டும், சூடு தணிய வேண்டும். புழுக்கமான நாளில் அரை மணி நேரம் கழித்தும் துடிப்பு பழைய 70-க்கு வராமல் இருப்பது இதனால்தான்.

இந்த முதல் நிமிடத்தை இதய மருத்துவர்களும் கவனிக்கிறார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் டிரெட்மில் சோதனைக்கு வந்தவர்களைச் சுமார் ஆறு வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 1999-இல் வெளிவந்தது. சோதனை முடிந்து மெதுவாக நடக்கும் முதல் நிமிடத்தில் துடிப்பு 12 அல்லது அதற்கும் குறைவாக இறங்கியவர்களிடையே மரண விகிதம் தெளிவாகவே அதிகமாக இருந்தது. வேகஸ் சோம்பிப்போனதன் அறிகுறி அது என்று எடுத்துக்கொள்கிறார்கள். தொடர்ந்து சில மாதம் பயிற்சி செய்கிறவர்களுக்கு இந்த எண் கூடுவதையும் பார்க்க முடிகிறது.